540-ம் போய், 262-ம் போச்சா?

கேள்வி: நான்கு நாளைக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்தேன். சாவி வாங்கும்போது கிரெடிட் கார்டில் 540 போனது. வண்டியைத் திருப்பிவிட்டபோது கார்டை மறுபடி தேய்த்தார்கள், 262 போனது. ஆறு நாள் ஆகிவிட்டது, ஆப்பில் இரண்டும் அப்படியே நிற்கின்றன. 1,000 லிமிட்டில் மிச்சம் 198தான். வாடகை நிறுவனத்தைக் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறார்கள், வங்கியைக் கேட்டால் நிறுவனத்தைக் கேள் என்கிறார்கள். இரண்டு தடவை எடுத்துவிட்டார்களா?

பதில்: எடுத்தது ஒரு தடவைதான், 262. அந்த 540 இன்னும் யார் கைக்கும் போகவில்லை. அதைச் செலவழிக்க முடியாதபடி உங்கள் வங்கி ஓரமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆப்பில் அந்த இரண்டு வரிகளையும் தொட்டுத் திறந்து பாருங்கள். 540-க்குப் பக்கத்தில் பெண்டிங் என்று இருக்கும். ஆறு நாள் ஆகிவிட்டதால் 262 பெரும்பாலும் தேதியோடு கணக்கில் ஏறியிருக்கும். பெண்டிங்கில் நிற்பது ஹோல்ட், கணக்கில் ஏறியது வசூல். ஹோல்டுக்கு வட்டி ஓடாது, ஸ்டேட்மென்ட்டில் கட்ட வேண்டிய தொகையிலும் அது சேராது. லிமிட்டை மட்டும்தான் சாப்பிடும். உங்கள் கடன் 262 மட்டும் என்பதால் கையில் 738 இருக்க வேண்டும். 540 அடைபட்டுக் கிடப்பதால் 198 தெரிகிறது.

சரி, 540 எங்கிருந்து வந்தது? கவுண்டரில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். மதிப்பிட்ட வாடகையும் டெபாசிட்டும் தனித்தனி வரிகளில் இருக்கும். உதாரணமாக 240-ம் 300-ம். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக "இவ்வளவுக்கு அனுமதி தருவீர்களா?" என்று கார்டு மெஷின் வங்கியைக் கேட்கிறது. வங்கி சரி என்று சொல்லி ஓர் அப்ரூவல் கோடு தருகிறது. ஹோல்ட் உட்கார்வது இந்த இடத்தில்தான். பெட்ரோல் குறைவாக இருந்தது போன்றவற்றையும் சேர்த்துக் கடைசி பில் 262 என்று முடிந்திருக்கும்.

முறைப்படி நடந்திருந்தால், நிறுவனம் அந்தப் பழைய அனுமதியின் பேரிலேயே 262-ஐ வசூலித்திருக்கும். வங்கியின் கணினி இது அதே வாடகை என்று அடையாளம் கண்டு, 540-ஐ எடுத்துவிட்டு 262-ஐ மட்டும் வைத்திருக்கும். சில வங்கிகள் அப்போதும் மிச்சமுள்ள 278-ஐச் சில நாள் பிடித்து வைக்கும். உங்கள் விஷயத்தில் கார்டைப் புதிதாகத் தேய்த்திருக்கிறார்கள். அதனால் 262 தனிப் பரிவர்த்தனையாகப் போய்விட்டது. வங்கியைப் பொறுத்தவரை 540-க்கான வாடகை இன்னும் முடியவில்லை, பில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று காத்திருக்கிறது. எடுக்கும்போது ஒரு கார்டு, திருப்பும்போது வேறு கார்டு என்று கொடுத்தாலும் இதே கதைதான். முதல் கார்டின் ஹோல்ட் அநாதையாகத் தொங்கும்.

இப்படித் தொங்கும் ஹோல்ட் பொதுவாக இரண்டு வழியில் விலகும். ஒன்று, அனுமதியை ரத்து செய்கிறோம் என்று நிறுவனம் வங்கிக்கு மின்னணுச் செய்தி அனுப்ப வேண்டும். அது போனால் சில மணி நேரத்திலோ ஓரிரு வேலை நாளிலோ லிமிட் திரும்பிவிடும். இல்லையென்றால் ஹோல்ட் தானாகக் காலாவதியாக வேண்டும். அந்தக் கெடுவை வங்கிதான் வைத்திருக்கிறது. பல வங்கிகள் ஒரு வாரம் பத்து நாளில் விட்டுவிடும். ஆனால் கார் வாடகை போன்ற முன் அனுமதிகளுக்குக் கார்டு நெட்வொர்க் விதிகள் ஏறக்குறைய 30 நாள் வரை இடம் தருவதால், சில வங்கிகள் அவ்வளவு நாளும் பிடித்து வைப்பதுண்டு. இந்த நாள் கணக்கு பொதுவாக ஹோல்ட் போட்ட தேதியிலிருந்து ஓடும், வண்டியைத் திருப்பிய தேதியிலிருந்து அல்ல. நடுவில் வாடகையை நீட்டித்திருந்தால் இரண்டாவதாக ஒரு ஹோல்ட் விழுந்திருக்கும், அதற்குத் தனிக் கணக்கு.

"நாங்கள் விட்டுவிட்டோம்" என்று நிறுவனம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. தங்கள் கணினியில் ஒப்பந்தத்தை மூடியதைத்தான் பல கவுண்டர்களில் 'விட்டுவிட்டோம்' என்பார்கள். வங்கிக்கு ரத்துச் செய்தி போனதா என்பது வேறு விஷயம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "540-க்கான அப்ரூவல் கோடு என்ன? அதற்கு ரத்து எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" இரண்டையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு வங்கியின் கார்டு பிரிவைக் கூப்பிடுங்கள். கோடு, தொகை, தேதி மூன்றும் கையில் இருந்தால் அவர்களால் ஹோல்டைத் தேடிப் பிடிக்க முடியும். நிறுவனம் எழுத்தில் உறுதி தந்திருந்தால் பல வங்கிகள் கையாலேயே எடுத்துவிடும். அப்படியும் நகரவில்லை என்றால், நிறுவனத்தையும் வங்கியையும் ஒரே அழைப்பில் இணைத்துப் பேச வைக்கப் பாருங்கள். இதில் அடிக்கடி வேலை முடிகிறது.

புகார்ப் படிவம் நிரப்பி 540-ஐ மறுக்க இப்போது முயல வேண்டாம். கணக்கில் ஏறாத தொகைக்குப் பொதுவாக அந்த வழி திறக்காது. 540 ஒருநாள் பெண்டிங்கிலிருந்து வசூலாக மாறினால் அன்றே மறுப்புத் தெரிவியுங்கள். அதற்காகவே கடைசி பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. ஹோல்ட் போய்விட்டதால் கணக்கு முடிந்தது என்று ஆகாது. சுங்கக் கட்டணம், வேக மீறல் அபராதம் போன்றவை வாரங்கள் கழித்துக்கூட அதே கார்டில் வரலாம். ஒப்பந்தத்தில் அதற்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

கேள்வி: என் டெபாசிட் பெண்டிங்கில் இல்லை, நேராக ஸ்டேட்மென்ட்டிலேயே வந்திருக்கிறது. பிறகு திரும்ப வந்தது, ஆனால் போட்டதைவிடக் கொஞ்சம் குறைவு. பயணம் வெளிநாட்டில்.

பதில்: உங்களுடையது ஹோல்டே அல்ல. டெபாசிட்டை உண்மையாகவே வசூலித்து, பிறகு ரீஃபண்ட் போட்டிருக்கிறார்கள். சில நிறுவனங்கள் இப்படித்தான் செய்யும், டெபிட் கார்டு கொடுத்தால் இன்னும் அதிகம். வசூலான நாளில் ஒரு நாணய மாற்று விலை, ரீஃபண்ட் வந்த நாளில் வேறு விலை. போதாததற்கு, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் வங்கி பிடித்திருக்கும், அது ரீஃபண்டோடு திரும்பி வருவது நிச்சயமில்லை. குறைந்தது இதனால்தான். நிறுவனம் தன் நாணயத்தில் முழுசாகத் திருப்பியிருந்தால் அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை. கட்டணத்தை மட்டும் வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த முறை பின் நம்பரை அழுத்துவதற்கு முன் கவுண்டரில் "இது ஹோல்டா, சேலா?" என்று கேளுங்கள். சேல், அதாவது நேரடி வசூல் என்றால், வேறு கார்டு கொடுத்தால் ஹோல்டாகப் போடுவார்களா என்றும் கேளுங்கள். டெபிட் கார்டில் ஹோல்ட் போட்டாலுமே அடைபடுவது லிமிட் அல்ல, கணக்கில் கிடக்கும் சொந்தப் பணம். அந்த வாரம் வீட்டு வாடகைக்கான காசோலை அதே கணக்கிலிருந்து பாஸாக வேண்டியிருந்தால் அந்தக் கார்டை நீட்டாதீர்கள்.