"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் ஏன் "இல்லைங்க" என்றே வருகிறது

திருவாரூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 29 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். வந்து உட்கார்கிற ஆளிடம் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது, கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீடாமங்கலம் பக்கம், கிராம சுகாதார செவிலியர்: சிஸ்டர், "என்ன வேணும்", "எப்படி இருக்கீங்க", "என்ன செய்யுது" – மூணும் ஒண்ணுதானே? எதைக் கேட்டா என்ன?

மூன்றுக்கும் மூன்று விதமான பதில் வரும்மா. "எப்படி இருக்கீங்க" என்பது தெருவில் பார்த்தாலும் கேட்கிற விசாரிப்பு. அதற்கு "நல்லா இருக்கேங்க" என்ற பதில் வாயிலேயே தயாராக இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கூட முதலில் அதைத்தான் சொல்வார், சொல்லிவிட்டு அப்புறம் "ஆனா வந்து..." என்று திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும். கூச்சமுள்ளவர் அந்த "ஆனா"வுக்கே வராமல் போய்விடுவார்.

"என்ன வேணும்" கடைக் கேள்வி. கேட்டால் ஆள் பொருளைச் சொல்வார். "ஒரு ஊசி போடுங்க", "சத்து மாத்திரை கொடுங்க" என்று தானே முடிவு செய்துகொண்டு வந்த வைத்தியம்தான் கிடைக்கும், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்காது. தொனி கொஞ்சம் தப்பினால் "உனக்கு இங்கே என்ன வேலை" என்பது போலவும் விழும்.

"சொல்லுங்க, என்ன செய்யுது?" என்பதுதான் நம் ஊரில் உடம்புக்கென்றே இருக்கிற கேள்வி. அதற்கு "நாலு நாளா நெஞ்சு கரிக்குதுங்க, ராத்திரி படுத்தா ஜாஸ்தியாகுது" என்று நாள், நேரம், இடம் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் இது புதிதாக வருகிறவருக்குத்தான். போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்கிப் போனவரிடம் போய் "என்ன செய்யுது" என்றால் நம்மை ஞாபகமே இல்லையே என்று அவருக்கு மனசு சுருங்கும். அவரிடம் "மாத்திரை மாத்தினதுக்கு அப்புறம் எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். "எப்படி" என்ற அதே வார்த்தைதான், ஆனால் எதைப் பற்றி என்று சேர்த்துச் சொன்னதும் அது விசாரிப்பாக இல்லாமல் கேள்வியாகிவிடுகிறது.

கும்பகோணம், தனியார் கிளினிக் வேலை: திறந்த கேள்விதான் கேட்கணும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. அதனால தவறாம "வேற ஏதாவது இருக்கா"ன்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறேன். பத்து பேர்ல ஒன்பது பேர் இல்லைங்கிறாங்க. ஜனங்க கூச்சப்படறாங்களோ?

கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் நீங்கள் கேட்பது திறந்த கேள்வி இல்லை. "இருக்கா" என்று ஆகாரத்தில் முடிகிற கேள்விக்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில்தான், அதில் "இல்லை" சுலபமானது. அதையும் கடைசியில், சீட்டை எழுதி நீட்டிக்கொண்டே கேட்டால், "கிளம்புங்க" என்றுதான் காதில் விழும். கூச்சமும் இருக்கும்தான், ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிடக் கூடாது.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு அம்மாவிடம். நடவு வேலைக்குப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும். கால் வலி என்று வந்தார். பார்த்து, மாத்திரை எழுதி, சீட்டைக் கொடுத்துக்கொண்டே "வேற ஏதாவது இருக்காம்மா?" என்றேன். "இல்லைங்க." எழுந்து, செருப்பை மாட்டி, கதவுப் பக்கம் போய் நின்று திரும்பினார். "அப்புறம் ஒரு சேதிங்க... மாதவிலக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு, இப்ப ரெண்டு மாசமா கறை படுது." அந்த வயதில் நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே பார்த்தாக வேண்டும், கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கலாம். அவர் வந்ததே அதற்காகத்தான். கால் வலி, பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கு. அவர் திரும்பாமல் போயிருந்தால் வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயத்தை மாற்றினேன். ஒன்று, கேள்வியை முன்னால் கொண்டுவந்தேன். முதல் தொந்தரவைச் சொல்லி முடித்ததும், காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். இரண்டாவது, "ஏதாவது இருக்கா" என்பதை விட்டுவிட்டு "சரி, கால் வலி. வேற என்னென்ன செய்யுது?" என்றேன். "என்னென்ன" என்று இரட்டித்தால் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால்தான் அவர் கொஞ்சம் சிரமப்பட வேண்டும்.

இங்கிலீஷிலும் இதே சங்கதி உண்டு. ஜான் ஹெரிடேஜ் என்ற சமூகவியலாளரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் 20 குடும்ப மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007ல் வந்தது. உள்ளே போகும் முன்பே நோயாளிகள் எதற்காக வந்தோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சில மருத்துவர்கள் "சம்திங் எல்ஸ்" என்று வைத்தும் சிலர் "எனிதிங் எல்ஸ்" என்று வைத்தும் கேட்டார்கள். "சம்திங்" கேட்ட இடத்தில், சொல்லாமலே விட்டுப்போகும் தொந்தரவுகள் 78 சதவீதம் குறைந்தன. "எனிதிங்" கேட்டதற்கும் ஒன்றும் கேட்காததற்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. தமிழில் அந்த இரண்டு வார்த்தைக்கும் "ஏதாவது" ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அந்த வித்தையை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கே ஓடாது, நமக்குள்ள வழி "என்னென்ன".

மயிலாடுதுறை, மருத்துவர்: காலை ஓ.பி.யில் நூறு பேர் நிற்கிறார்கள். இப்படிக் கேட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். நடைமுறைக்கு ஒத்துவருமா?

அந்த ஆய்வில் பார்க்கும் நேரம் பெரிதாகக் கூடவில்லை சார். ஆனால் அங்கே வரிசை நம்முடையது மாதிரி இல்லை, அதனால் அதை வைத்து உங்களோடு வாதாட மாட்டேன். என் அனுபவத்தில் நேரத்தைத் தின்பது கதவருகில் நின்று சொல்கிற சேதிதான். எல்லாம் முடித்த பிறகு மறுபடி உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். முன்பே கேட்டால் மூன்று தொந்தரவு தெரிந்துவிடும், "இன்னைக்கு இதைப் பார்ப்போம், முட்டி வலிக்கு வியாழக்கிழமை வாங்க" என்று பிரித்துக்கொள்ளலாம். நூறு பேருக்கும் முடியுமா என்றால், எனக்கும் எல்லா நாளும் முடிந்ததில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், தனியாக வந்த முதியவர்கள் என்று சிலருக்கு மட்டும் விடாமல் கேட்டேன்.

தஞ்சாவூர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்: அக்கா, வினா ஆறு வகைன்னு இருக்கே, அதுல "ஏதாவது வேணுமா" எதுல வரும்? கொளல் வினாவா?

நான் இலக்கண ஆசிரியை இல்லை தம்பி, ஆனால் பள்ளியில் படித்தது மறக்கவில்லை. வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது கொளல் வினா, கடைக்காரரிடம் "பருப்பு இருக்கா?" என்பது போல. கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா, சட்டை இல்லாத பையனிடம் "உன்கிட்ட சட்டை இல்லையா?" என்பது. "ஏதாவது வேணுமா" கொடை வினா. "என்ன செய்யுது" அறியா வினா, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. நீ பரீட்சைக்குக் கேட்டாய், ஆனால் எனக்கு இது வேறு விதத்தில் உதவுகிறது. கொடை வினாவில் கேட்கிறவர் கை மேலே இருக்கிறது, அதனால்தான் மானமுள்ளவர் "வேண்டாங்க" என்கிறார்.

சென்னையில் வேலை, அப்பா வேதாரண்யம் பக்கம் தனியாக: தினமும் போன்ல "எப்படிப்பா இருக்கீங்க, ஏதாவது வேணுமா"ன்னு கேட்கிறேன். "நல்லா இருக்கேன், ஒண்ணும் வேணாம்"னு வச்சுடறார். போன மாசம் பார்த்தா கால்ல புண்ணு, மூணு வாரமா இருந்திருக்கு.

உங்கள் இரண்டு கேள்விக்கும் மூடுகிற பதில் அவரிடம் தயாராக இருக்கிறதும்மா. மகள் கவலைப்படக் கூடாது என்பதும் அதில் சேரும். நடந்ததைக் கேளுங்கள். "இன்னைக்கு காலையில என்ன சாப்பிட்டீங்க?", "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா, போய்ப் பார்த்தீங்களா?" நம் பக்கத்து மனிதருக்கு மேட்டூர் திறந்து தண்ணி கடைமடைக்கு வந்ததா என்பதுதான் நிஜமான குசல விசாரிப்பு. அதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "இல்லம்மா, வரப்புல நடக்க முடியலை" என்று அதற்குள்ளேயே கால் வந்துவிடும். சர்க்கரை இருக்கிறவர் என்றால் மட்டும் சுற்றி வளைக்காதீர்கள். "உள்ளங்காலைப் பார்த்தீங்களா, விரல் இடுக்குல என்ன இருக்கு?" என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது, எத்தனை திறந்த கேள்வி கேட்டாலும் அவருக்கே தெரியாததை அவர் சொல்ல முடியாது.

பாபநாசம், உரக்கடை: எங்களுக்கு "என்ன வேணும்"தான் சரி, கடையில வேற என்ன கேட்கிறது?

யூரியா வாங்க வந்தவரிடம் அதுவே சரி அண்ணே. "பூச்சி மருந்து கொடு" என்று வருகிறவரிடம் மட்டும் "பயிர்ல என்ன தெரியுது?" என்று ஒன்று கூடக் கேட்டுப் பாருங்கள். எந்த மருந்து என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிடவில்லை.

மன்னார்குடி: துக்க வீட்டுல "என்ன வேணும்னாலும் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வர்றோம். யாரும் இதுவரை கேட்டதில்லை. சும்மா சொல்றோம்னு நினைக்கிறாங்களா?

சும்மா சொல்வதாக நினைக்க மாட்டார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்து, வாய் திறந்து கேட்பது வரை எல்லா வேலையும் அழுதுகொண்டிருக்கிறவர்கள் தலையில் போகிறது. என் கணவர் போனபோது அந்த வார்த்தையை முப்பது பேராவது சொன்னார்கள், ஒருவரையும் நான் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒன்றும் கேட்காமல் காலையில் இட்லித் தூக்கோடு வந்து, "இறப்புச் சான்றிதழுக்கு யார் போறா? என் பையன் நாளைக்கு சும்மாதான் இருக்கான்" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

திருத்துறைப்பூண்டி, 108 ஓட்டுநர்: பாம்பு கடிச்ச ஆளைக் கூட்டிட்டு வர்றப்பவும் "என்ன செய்யுது"ன்னா கேட்பீங்க?

கேட்க மாட்டேன். அங்கே "எத்தனை மணிக்குக் கடிச்சது, எங்கே கடிச்சது, கட்டுப் போட்டாங்களா, மூச்சு விட முடியுதா" என்று துண்டு துண்டாகத்தான். கண் இமை தொங்குகிறதா என்பதை நானே பார்த்துக்கொள்வேன். ரத்தம் உறைகிறதா என்பதற்குக் கேள்வியே கிடையாது, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கும் இப்படித்தான், முதலில் துண்டுக் கேள்வி, ஆள் நிலைப்பட்ட பிறகு மற்றது.

நாகப்பட்டினம், ஆஸ்பத்திரி ஊழியர்: "என்னென்ன செய்யுது"ன்னு கேட்டேன், ஒரு பாட்டி "என்னடி, எல்லா வியாதியும் எனக்குத்தானா"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. நான் தப்பாக் கேட்டேனா?

தப்பில்லை, எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வயதானவர்களுக்கு அந்த இரட்டிப்பு கணக்குக் கேட்கிற மாதிரி படும். "வரும்போது என்னென்ன சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு வந்தீங்க பாட்டி?" என்று மாற்றிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. இன்னொரு சிஸ்டர் ஒன்றுமே கேட்க மாட்டார், "ம்... அப்புறம்?" என்பார், அவ்வளவுதான், எல்லாம் வரும். என் வாயில் அதே "அப்புறம்" அவசரப்படுத்துகிற மாதிரி விழுந்தது, ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பாட்டி மறுபடி வந்தால் இரண்டையும் கேட்டுப் பாருங்கள், எதற்குப் பேசினார் என்று எனக்கும் எழுதுங்கள்.