பாதியில் நின்ற ஓடர்: அட்வான்ஸ் யாருக்கு?

கேள்வி: விசுவமடுவில தச்சுப் பட்டறை வச்சிருக்கிறன். உடையார்கட்டில வீடு கட்டுற ஒருத்தர் மூண்டு கதவு நிலை, முன்கதவு, நாலு வளைவு யன்னல், எல்லாம் முதிரையில, 320,000 ரூபாவுக்குப் பேசி 120,000 அட்வான்ஸ் தந்தவர். காசு அனுப்புறது கனடாவில இருக்கிற அவரின்ர அண்ணர். மரம் எடுத்து, நிலையெல்லாம் பூட்டி, எட்டு நாள் வேலை முடிஞ்சுது. இப்ப அலுமினியம் போடப்போறமாம், வேலையை நிப்பாட்டட்டாம், அட்வான்ஸை முழுசாத் தரட்டாம். பக்கத்துக் கடைக்காரரோ "அட்வான்ஸ் குடுத்தாக் குடுத்ததுதான், ஒரு சதமும் திருப்பிக் குடாதை" எண்டுறார். எது சரி? பட்டறைக் கொப்பியின்ர படத்தையும் யன்னல் நிலையின்ர படத்தையும் அனுப்பியிருக்கிறன்.

பதில்: இரண்டு பேச்சும் சரியில்லை. உங்கள் கொப்பியை வைத்துப் பார்த்தால் நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 40,000 ரூபா. அதில் கொஞ்சம் குறைக்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலையை நிறுத்தினால் அட்வான்ஸ் போய்விடும் என்று முன்பே பேசிக்கொள்ளாதவரை, அந்தக் காசு விலையில் ஒரு பகுதிதான். கொடுத்தவர் ஓடரை முறித்தார் என்பதற்காக அது தானாக உங்களுடையதாகிவிடாது. ஆனால் உங்களில் பிழை எதுவும் இல்லாதபோது அவர் முறித்தபடியால், உங்களுக்கு வந்த நட்டத்தை அவர்தான் தாங்க வேண்டும். அந்த நட்டத்தைக் குறைப்பதற்கு உங்களால் இயன்றதை நீங்களும் செய்திருக்க வேண்டும். பட்டறையில் கிடக்கும் மரத்தைச் சும்மா விட்டுவிட்டு முழுத்தொகையும் நட்டம் என்று சொன்னால் எந்தச் சபையும் ஏற்காது. ஆகவே கேட்க வேண்டியது "எவ்வளவு செலவழித்தேன்" என்று மட்டும் இல்லை, "செலவழித்ததில் இப்போது என் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது" என்றும்தான்.

செலவு உங்கள் கொப்பியிலேயே இருக்கிறது. மரம் 150,000. உங்கள் கூலி நாளுக்கு 4,500, கையாளுக்கு 3,000, எட்டு நாளுக்கு 60,000. கிளிநொச்சி மரக்காலையிலிருந்து ஏற்றிவந்த கூலியும் இழைப்பு மெசின் செலவும் 9,000. மொத்தம் 219,000. கீல், பூட்டுச் சாமான் இன்னும் வாங்கவில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

இனி மிஞ்சியதைப் பாருங்கள். முதலில் முன்கதவுக்கும் யன்னல் கதவுகளுக்கும் எடுத்துவைத்த 64,000 ரூபாப் பலகை. அதில் வாள் படவில்லை. முதிரைக்கு வன்னியில் கிராக்கி குறைந்ததே இல்லை, அடுத்த ஓடருக்கு அப்படியே போகும். அதனால் இதில் ஒரு ரூபாவும் நட்டமாகப் போட முடியாது. மரக்காலைக்காரர் திருப்பி எடுப்பார் என்றால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் மரத்தை ஏற்றுவதற்கு முன் அனுமதிப் பத்திரத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள். முதிரை ஏற்றிய வண்டியை வழியில் மறித்தால் பட்டறைப் பில்லை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

அடுத்தது மூன்று கதவு நிலைகள். மரம் 42,000, மூன்று நாள் கூலி 22,500, ஆக 64,500 ரூபாச் சாமான். கொப்பியில் உள்ள அளவு எல்லோரும் போடும் சாதாரணக் கதவின் அளவுதான். வீடு கட்டுகிறவர் யாராவது கேட்டு வருவார், ஆனால் அடுத்த கிழமையே வருவார் என்று சொல்ல முடியாது, வருகிறவரும் ஆயத்தச் சாமான் என்று விலையை அடிப்பார். 55,000 என்று வைத்திருக்கிறேன்.

சிக்கல் யன்னலில்தான். நேர் யன்னலாக இருந்து அளவு கொஞ்சம் கூடிப்போயிருந்தால் கழற்றிக் குறுக்கிக் கழுந்தைத் திரும்ப வெட்டி விற்றுவிடலாம். உங்களுடையது வளைவு. படத்தில் ஒரு நிலை சுவரில் சாய்ந்து நிற்கிறது. வளைவு தொடங்குகிற இடத்தோடு நெட்டுக்கால் முடிந்துவிடுவதால் அந்தக் கால் சாதாரண யன்னலுக்குக் கட்டையாகிவிடும். வளைத்து அறுத்த மேல்துண்டு விறகுக்கும் அழகுக்கும் மட்டும்தான். கால்களையும் கீழ்ச்சட்டத்தையும் வைத்துக் குசினிச் சின்ன யன்னலோ காற்றுப்போக்கியோ செய்யலாம். அதனால் 44,000 ரூபா மரத்தில் 20,000 மட்டுமே மீளும். அதற்குப் போன ஐந்து நாள் கூலியில் எதுவும் மீளாது.

மிஞ்சியது 64,000, 55,000, 20,000, மொத்தம் 139,000. செலவான 219,000இல் அதைக் கழித்தால் 80,000. அட்வான்ஸ் 120,000இல் 80,000ஐ நீங்கள் எடுத்துக்கொண்டு 40,000ஐக் கொடுக்க வேண்டும். நட்டத்தின் பெரும்பகுதி வளைவு யன்னலில் வந்தது என்பதைப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு விளக்கும்போது அதையே முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் வளைவைக் கேட்டது அவர்.

இலாபம்? வேலை முழுவதும் முடிந்திருந்தால் 320,000இல் மரம், பதினெட்டு நாள் கூலி 135,000, ஏற்றுக்கூலி 9,000, கீல் பூட்டு 10,000 போக 16,000 உங்கள் கையில் நின்றிருக்கும். முறிந்த ஓடரில் கிடைத்திருக்க வேண்டிய இலாபத்தைக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இந்த நாள்களில் உங்களுக்கு வேறு ஓடர் கைக்கு வந்திருந்தால் அந்தப் 16,000ஐ நானென்றால் கேட்கமாட்டேன். பட்டறை உண்மையாகவே சும்மா கிடந்தால் கேளுங்கள், அப்போது திருப்பிக் கொடுப்பது 24,000. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் எங்கே பேசி முடித்தாலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

கணக்கு இப்படி இருந்தாலும், அது நிற்பது நீங்கள் இன்றைக்குச் செய்யும் ஒன்றில். நிப்பாட்டச் சொன்ன நேரத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். "நிலைதானே, முடித்துவிட்டுப் பேசுவம்" என்று அதற்குப் பிறகு போட்ட நாளுக்குக் கூலி கேட்க முடியாது. தம்பியார் போனில் சொன்னதை நம்பிக் கையை எடுத்த பிறகு, கனடாவிலிருந்து அண்ணர் "நான் நிப்பாட்டச் சொல்லவில்லையே" என்று சொன்ன கதைகளும் எனக்கு எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே வட்சப் செய்தி போடுங்கள்: இன்ன திகதி இன்ன நேரம் வேலையை நிப்பாட்டச் சொன்னீர்கள், வேலை இப்போது நிற்கும் கட்டம் இது. கூடவே படம். அளவு நாடாவை நிலையின் மேல் விரித்துப் பிடித்து எடுங்கள், இலக்கம் தெரிய வேண்டும். வெட்டாத பலகைக்குத் தனிப் படம், மரக்காலைப் பில்லுக்குத் தனிப் படம்.

கதவு நிலைகளை உடனே வேறு ஆளுக்கு விற்காமல், "இவ்வளவு நாளுக்குள் எடுப்பதென்றால் எடுங்கள், இல்லாவிட்டால் விற்றுக் கணக்கில் கழிப்பேன்" என்று எழுதுங்கள். இரண்டு கிழமை கொடுத்தால் போதும். பாதியில் மனம் மாறி "நிலையையாவது தாருங்கள்" என்று வருகிறவர்கள் நிறைய. அதுவரை நிலத்தில் போடாமல் கல் வைத்து உயர்த்தி வையுங்கள். மழை பட்டாலோ கறையான் ஏறினாலோ அந்தக் கழிவு உங்கள் பக்கத்துக் கணக்கு.

மரம் அவருடையதாக இருந்திருந்தால், அதாவது அவர் வளவில் நின்ற வேம்பையோ பாலையையோ அனுமதி எடுத்து அறுத்து உங்களிடம் தந்திருந்தால், மிஞ்சிய பலகை அவருடையது. நீங்கள் கூலிக்கும் ஏற்றுக்கூலிக்கும் மட்டும்தான் கணக்குக் காட்ட முடியும். அந்தக் கூலி கிடைக்கும் வரைக்கும் செய்த நிலையைப் பட்டறையில் பிடித்து வைக்கலாம். விற்க மட்டும் முடியாது.

அவர் கணக்கை ஒத்துக்கொள்ளாவிட்டால், மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது, சட்டத்தரணி தேவையில்லை. உங்கள் பிரதேசத்தவர்களே உட்கார்ந்து கேட்பார்கள், ஆனால் யார் மேலும் தீர்ப்பைத் திணிக்கமாட்டார்கள். இரண்டு பேரும் சரி என்றால்தான் உடன்பாடு. கூப்பிடுவதற்கு உள்ளூரில் ஆள் வேண்டும் என்பதால் ஓடர் தந்தவராக உடையார்கட்டில் உள்ளவரின் பெயரைப் போடுங்கள், காசு கனடாவிலிருந்து வந்தது என்பதற்காகக் கனடாக்காரரைத் தேடாதீர்கள். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று பயப்படவும் வேண்டாம். அவர் தந்த 120,000க்கு வங்கிச் சிட்டை இருக்குமே, ஓடர் உண்மை என்பதற்கு அது போதும். பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கு உதவாது, அது பெரும்பாலும் வாங்குகிறவர் பக்கத்து முறைப்பாட்டுக்குத்தான்.

எனக்கும் ஒருதரம் வவுனியாவில் கேற் ஒன்று செய்யக் கொடுத்துப் பாதியில் நிறுத்தின அனுபவம் உண்டு. ஒட்டுவேலைக்காரர் கொப்பியைத் திறந்து வெட்டின குழாய் எத்தனை, வெட்டாதது எத்தனை என்று எண்ணிக் காட்டினார். பிறகு பெரிதாகப் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கொப்பி உங்களிடமும் இருக்கிறது.

இனிமேல் அட்வான்ஸ் துண்டில் இரண்டு வரி சேர்த்து எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்: "மரம் எடுக்கும் முன் ஓடரை நிறுத்தினால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும். மரம் எடுத்த பின் நிறுத்தினால் செய்த வேலையின் கூலியும், வேறு வேலைக்கு உதவாத மரத்தின் விலையும் கழித்து மிச்சம் தரப்படும்." வளைவு, சித்திர வேலை, வழக்கமில்லாத அளவு கேட்கிறவரிடம் அந்தப் பகுதிக்கான மரக்காசு முழுவதையும் அறுப்பதற்கு முன்பே வாங்குங்கள். உங்கள் கதையில் வளைவு யன்னலுக்கான 44,000ஐத் தனியாகப் பிரித்து எழுதியிருந்தால், இன்றைக்குத் தம்பியாரோடு வாதிட வேண்டிய தொகையில் ஒரு பகுதி அங்கேயே முடிந்திருக்கும்.