48-ஆம் கேள்வி எங்கிருந்து வந்தது?

"நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஊரில் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். திருப்புதல் தேர்வுக் கணக்குத் தாளை வீட்டில் ஒருமுறை முழுதாகப் போட்டு வரச் சொல்கிறார்கள். பனியன் கம்பெனியிலிருந்து அம்மா வர ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குள் தம்பி தூங்கிவிடுவான். அம்மாதான் பின்னைக் கழற்றி, தாளை விரித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார். ஒன்று படுத்துக் கிடக்கும், ஒன்று தலைகீழாக இருக்கும், 12-க்குப் பக்கத்தில் 42 வரும். போன வாரம் எண்ணே இல்லாத ஒரு கேள்விக்கு நானே 48 என்று போட்டு விடை அனுப்பினேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் தம்பி திட்டு வாங்கினான். எத்தனை சொன்னாலும் அம்மாவுக்கு வரிசையாக எடுக்கத் தெரியவில்லை. என்ன செய்வது?"
— பெயர் வேண்டாம், ஓசூர்

தம்பி தூங்கிவிடுவான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். பரீட்சை யாருக்கு, பெண்ணே? நாளெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர் தாளை விரித்துக்கொண்டு நிற்கிறார். ஆபீஸ் முடித்து வந்த நீ கணக்குப் போடுகிறாய். தாளுக்குச் சொந்தக்காரன் குறட்டை விடுகிறான். காலையில் எழுந்து பார்த்து எழுதிக்கொண்டு போவான், அவ்வளவுதானே? ஆண்பிள்ளை தூங்கட்டும் என்று வீட்டுப் பெண்கள் விழித்திருக்கும் கதை எனக்கு வாரம் தவறாமல் வருகிறது. இதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீயே தூங்குகிற தங்கையாக இருந்திருந்தால், உனக்காக யாராவது விழித்திருந்திருப்பார்களா?

அடுத்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை என்றாய். தாளை அச்சடிக்கும் விதம் உனக்குத் தெரியவில்லை என்பதுதான் சரி. நடுவில் மடித்துப் பின் அடித்த எட்டுப் பக்கத் தாள் என்பது இரண்டே பெரிய தாள்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம். மடித்திருக்கும்வரை வரிசையாக வாசிக்கலாம். பின்னைக் கழற்றி விரித்தால் 8-ம் பக்கத்துக்குப் பக்கத்தில்தான் 1 இருக்கும். அதைத் திருப்பினால் 2-ம் 7-ம். உள்தாளில் 6-ம் 3-ம், அதன் முதுகில் 4-ம் 5-ம். எந்தப் படத்திலும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 9 வரும். அம்மா மடிப்பின் நிழல் விழாமல் இருக்கத்தான் விரித்திருப்பார். ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறார்.

படுத்துக் கிடப்பதற்கும் அவர் காரணமில்லை. போனை எந்தப் பக்கம் நிமிர்த்திப் பிடித்திருக்கிறோம் என்பதைப் புவியீர்ப்பை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது. தரையில் கிடக்கும் தாளுக்கு நேர் மேலே போனைப் படுக்க வைத்தாற்போலப் பிடித்தால், மேல் எது கீழ் எது என்று அதற்குப் புரியாது. கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே எழுதிவிடும். தாளைப் பக்கவாட்டில் புரட்டாமல் மேலிருந்து கீழாகப் புரட்டினால், பின்பக்கம் தலைகீழாக வரும்.

சரி, வந்த நான்கு படங்களை வைத்துக்கொண்டு உட்கார். எதையும் வாசிக்காதே, முதலில் நேராக்கு. தலைகீழான படத்தில் இடது வலமும் மாறியிருக்கும், 7 இடப்பக்கமும் 2 வலப்பக்கமும் நிற்கும். நேராக்காமல் வரிசை தேடினால் அங்கேயே தப்பு. மெய்யெழுத்தின் புள்ளி மேலே வந்தால் படம் நேர். பிறகு தேர்வின் பெயர், நேரம், மதிப்பெண் 90 என்று போட்ட பக்கத்தைத் தேடு. அது 1, அதற்கு இடப்பக்கம் இருப்பது 8. அடுத்து, 1-ம் பக்கத்தின் கடைசிக் கேள்வி 5 என்றால் 6 எந்தப் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது என்று பார். அது 2, அதன் ஜோடி 7. இப்படியே மற்ற இரண்டும் விழுந்துவிடும். வாட்ஸ்ஆப் கொடுக்கும் WA0003, WA0004 எண்களை நம்பாதே, அவற்றுக்கும் பக்க எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

பக்கம் அடுக்கியதும் ஒட்டுமிடங்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தப்பு இங்கேதான் நடக்கிறது. உன் 48-ஐ எடுத்துக்கொள். பிளஸ் டூ கணக்கில் 47-க்கு மேல் கேள்வியே கிடையாது. கடைசிப் பகுதியில் 41 முதல் 47 வரை ஒவ்வொன்றுக்கும் (அ) அல்லது (ஆ) என்று இரண்டு உண்டு, ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும். 7-ம் பக்கத்தின் அடியில் 44 (அ) முடிந்து, (ஆ) 8-ம் பக்கத்தின் உச்சிக்குப் போயிருக்கும். 8-ம் பக்கம் உன் படத்தில் முகப்புக்குப் பக்கத்தில் கிடந்ததால், அந்த (ஆ) அநாதையாகத் தெரிந்தது. நீ அதற்குப் பெயர் வைத்துவிட்டாய்! மேலே எண் இல்லாமல் (ஆ) என்று தொடங்கினால், முந்தைய பக்கத்தின் கடைசி வரியைப் பார்க்காமல் பேனாவைத் தொடாதே.

இன்னொரு ஒட்டுமிடமும் உண்டு. 31-க்கு மேலே 'எவையேனும் ஏழு வினாக்களுக்கு விடையளிக்கவும், 40-க்குக் கட்டாயம்' என்று குறிப்பு இருக்கும். அது 5-ம் பக்கத்தில் நின்று, 35 முதல் 40 வரை 6-ம் பக்கத்துக்குப் போய்விட்டால், உனக்கு அந்தக் கேள்விகள் வேறு படத்தில், குறிப்பே இல்லாமல் கிடைக்கும். ஏழு போதும் என்கிற இடத்தில் பத்தையும் போட்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பாய். அல்லது 40-ஐ விட்டுவிட்டு வேறு ஏழு போட்டிருப்பாய், அது இன்னும் மோசம். கொள்குறி வினாவில் கேள்வி ஒரு பக்கத்திலும் நான்கு விடைகள் அடுத்த பக்கத்திலும் பிரிந்தாலும் இதே கதைதான்.

கடைசியாக ஒரு துண்டுத் தாளில் 1 முதல் 47 வரை எழுதி, படத்தில் கண்ணால் பார்த்த எண்ணை அடித்துக்கொண்டே வா. அடிபடாமல் நிற்பவை அடுத்தடுத்த எண்களாக ஒரு கொத்தாகவோ இரண்டு கொத்தாகவோ இருந்தால் ஒரு படம் வரவே இல்லை, ஊகிக்காமல் கேட்டு வாங்கு. நான்கு பக்கத் தாளென்றால் ஜோடியின் கூட்டல் 5. மடிக்காமல் மூலையில் பின் அடித்த தனித்தனித் தாள்களுக்கு இந்தக் கூட்டல் செல்லாது, ஒட்டுமிடங்களை மட்டுமே நம்ப வேண்டும்.

இவ்வளவும் உனக்காகச் சொன்னேன், போன வாரத் தாளைச் சரிசெய்ய. நாளை முதல் இது உன் தம்பியின் வேலை. பின்னைக் கழற்றாமல், பள்ளி விட்டு வந்த வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஒரு படமாக அவன் எடுக்கட்டும். ஒவ்வொரு பக்க மூலையிலும் முதலிலேயே பென்சிலால் எண் எழுதட்டும். கேலரியில் கடைசியாக எடுத்தது முதலில் நிற்கும், அதனால் கீழிருந்து மேலாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல். போட்டுப் பார்த்து வராத கணக்கை மட்டும், தான் எங்கே நின்றான் என்பதோடு அனுப்பட்டும். அவன் முயற்சி இல்லாமல் வரும் படத்துக்கு நீ விடை எழுதக்கூடாது, அம்மா கெஞ்சினாலும்.

அம்மா ஒன்பது மணிக்கு உள்ளே வரும்போது அவர் கையில் போனைத் திணிக்காமல், தட்டில் சோறு போட்டுக் கொடுக்கச் சொல். அதற்கும் அவனுக்குக் கை இருக்கிறது.