குழாயடி உப்புக் கறை ஒன்று போதும்

“மேடவாக்கம் பக்கம் நாலு பேர் சேர்ந்து வீட்டு கிளீனிங் சர்வீஸ் நடத்துறோம். வேலைக்கு முன்னாடி, பின்னாடின்னு மொபைல்ல வீடியோ எடுத்துப் போடுறேன். லைக் வருது, கால் வரலை. முப்பது நாப்பது செகண்டுக்கு ஸ்கிரிப்ட் எப்படி எழுதணும்? கடைசியில புக் பண்ணச் சொல்றது எப்படி?”

ஹால், கிச்சன், பாத்ரூம், பால்கனி என்று வீடு முழுவதையும் ஒரே வீடியோவில் திணிக்காதீர்கள். பார்க்கிறவர் மனசில் எதுவும் தங்காது. உங்கள் பக்கத்து போர் தண்ணீருக்கு ஏற்ற சரக்கு பாத்ரூம் குழாயடியில்தான் இருக்கிறது. குழாயில் பொருக்குத் தட்டியிருக்கும் வெள்ளை உப்பை ஏரியாவில் உள்ள எல்லோருமே தங்கள் வீட்டில் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு கறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் படம் எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அதில் தவறினால் எந்த ஸ்கிரிப்டும் காப்பாற்றாது. உப்புக் கறை ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது. கறை படிந்த டைல்ஸ் மேல் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், புதுசு மாதிரி மின்னும். காய்ந்தால் மறுபடி வெள்ளை. அதனால் ‘முன்’ காட்சியைக் காய்ந்த சுவரில் எடுத்தால் ‘பின்’ காட்சியையும் காய்ந்த சுவரில்தான் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். ஆரம்பத்தில் நானும் ஒரு வாடிக்கையாளருக்கு ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக் கொடுத்தேன். ‘காஞ்ச பிறகு காட்டுங்க’ என்று கீழே ஒருவர் எழுதிய ஒரே வரியில் வீடியோ செத்தது.

அடுத்தது வெளிச்சம். அழுக்குச் சுவரைப் பார்த்தால் மொபைல் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைச் சுவரைப் பார்த்தால் குறைக்கும். நீங்கள் மூன்று மணி நேரம் தேய்த்ததில் பாதியைக் கேமராவே அழித்துவிடும். கேமராவில் தெரியும் சட்டத்துக்குள் ஓரமாக ஒரு நீல மக்கை வையுங்கள். இரண்டு முறையும் அந்த மக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மஞ்சளாக வரும், பெரும்பாலான ஆண்ட்ராய்டில் பூட்டுப் படம் வரும். மக்கின் நீலம் இரண்டு காட்சியிலும் ஒன்றுபோல இருந்தால், ஃபில்டர் போட்ட வேலை இல்லை என்று பார்க்கிறவருக்கே புரிந்துவிடும். காலை வெயிலுக்கும் மதிய வெயிலுக்கும் நிறம் மாறும் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப் லைட்டில் எடுங்கள். ட்ரைபாட் கால் நின்ற மூன்று இடத்திலும் பாத்ரூமுக்கு வெளியே தரையில் டேப் ஒட்டி வைத்தால், வேலை முடிந்தபின் அதே கோணம் கிடைக்கும்.

(கறை போன குழாய் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எடுப்பவரின் லுங்கி அதில் தெரிந்த வீடியோ ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். எடுத்ததும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.)

இனி ஸ்கிரிப்ட். பலரும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் முக்கியமானதெல்லாம் எழுத்திலும் வர வேண்டும்.

0–3 நொடி. குழாய் மட்டும், முகத்துக்கு நேராக. விரல் நகத்தால் உப்பைச் சுரண்டுகிறார், வரவில்லை.
திரையில்: “எவ்வளவு தேய்ச்சாலும் போகலையா?”

3–8 நொடி. கேமரா அசையாமல் முழுச் சுவரும், நீல மக்கும்.
குரல்: “மேடவாக்கத்துல ஒரு வீடு. ஆறு வருஷ போர் தண்ணி.” (வருடத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு உண்மையைப் போடுங்கள்.)

8–18 நொடி. எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் கரைசலில் நனைத்த டிஷ்யூவைக் குழாயில் சுற்றுகிறார். மிக அருகில், உப்பின் மேல் பொங்கும் சின்னச் சின்ன நுரை. பிரித்ததும் துணியால் ஒரே இழுப்பு.
குரல்: “உப்பு கரையுது பாருங்க. கம்பி பிரஷ் கிடையாது, குழாய்ல கீறல் விழாது.”

18–25 நொடி. அதே கோணம், காய்ந்த சுவர். 3 நொடி யாரும் பேச வேண்டாம், பாட்டும் வேண்டாம். பிறகு நகத்தால் தட்டும் சத்தம்.
திரையில்: “காஞ்ச பிறகு எடுத்தது. ஃபில்டர் இல்லை.”

25–31 நொடி. டைல்ஸின் ஒரு மூலை.
குரல்: “மேல படிஞ்ச உப்பு போகும். முன்னாடி ஆசிட் ஊத்தி அரிச்சுப்போன இடம் திரும்பாது. அதை வந்ததும் காட்டிச் சொல்லிடுவோம்.”

31–38 நொடி. எழுத்து மட்டும் உள்ள அசையாத அட்டை.
குரல்: “உங்க பாத்ரூமை ஒரு போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. விலை சொல்லிட்டுதான் வருவோம்.”

நுரைக் காட்சிதான் வீடியோவின் உயிர். குழாயில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்புப் பட்டால் அது கரைந்து வாயுவாகப் பொங்கும். அரை லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, 15 நிமிடம் சுற்றி வைத்தால் போதும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மார்பிள் வீட்டில் மட்டும் இதைத் தொடாதீர்கள். மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட் என்பதால் பாலிஷ் போய் மங்கிவிடும். பிளீச்சிங்கை ஆசிட்டோடு கலக்கும் காட்சி தவறியும் வேண்டாம், அதில் வருவது குளோரின் வாயு. பார்த்தவர் வீட்டில் செய்துபார்த்துவிடுவார்.

‘அரிச்ச இடம் திரும்பாது’ என்று சொன்னால் ஆள் ஓடிவிடும் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பேர் ஓடுவார்கள்தான். ஆனால் மீதிப் பேர் வேலை முடிந்தபின் காசு கொடுக்கும்போது ‘இங்க போகலையே’ என்று சண்டைக்கு நிற்க மாட்டார்கள்.

லைக் வந்து கால் வராததற்கு என் கணிப்பில் காரணம் அந்தக் கடைசி அட்டைதான். ‘தொடர்புக்கு’ என்று போட்டால் பார்ப்பவர் மனசில் மூன்று கேள்வி நிற்கும்: எங்க ஏரியாவுக்கு வருவாங்களா, எவ்வளவு ஆகும், கூப்பிட்டா விடாம தொந்தரவு பண்ணுவாங்களா? அட்டையிலேயே பதில் வையுங்கள். “மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். ஒரு பாத்ரூம் ₹___ முதல்.” அதன் கீழ் ஒரே ஒரு நம்பர். இரண்டு நம்பர் போட்டால் எதற்கு அடிப்பது என்று யோசித்தே விட்டுவிடுவார்கள். ரீல்ஸில் அடியில் தலைப்பு எழுத்தும் வலது ஓரம் பட்டன்களும் மறைக்கும், அதனால் நம்பர் நடுவில் இருக்கட்டும்.

வீடியோவில் உள்ள நம்பரை யாரும் தொட்டு அழைக்க முடியாது. ஆகவே புரொஃபைலில் இந்த மாதிரி இணைப்பு வையுங்கள், X இருக்கும் இடத்தில் உங்கள் 10 இலக்க எண். முன்னால் + குறியோ பூஜ்யமோ வேண்டாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

கால் பண்ணச் சொல்லாமல் போட்டோ கேட்பதற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாத ஆளிடம் விலை பேசத் தயங்குகிறவர்கள்கூட போட்டோ அனுப்பிவிடுவார்கள். உப்பின் கனம், டைல்ஸா மார்பிளா என்பதும் உங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பதிலைத் தயாராகச் சேமித்து வையுங்கள்: “போட்டோ கிடைச்சது. எந்த ஏரியா, எத்தனையாவது மாடி? நாளைக்குக் காலை 9, மதியம் 2, ரெண்டுல எது வசதி?”

படம் எடுக்கும் வீட்டுக்காரரிடம் ‘வீடியோ போடச் சம்மதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். கதவு எண்ணும் அலமாரி மருந்துப் பாட்டில்களும் சட்டத்துக்குள் வராமல் முதல் காட்சியிலேயே பார்த்துவிடுங்கள். பின்னால் வெட்டலாம் என்றால் இரண்டு காட்சியின் கோணமும் பொருந்தாமல் போய்விடும்.