வேற்றுமைக் கேள்விகள்: உருபு பாதி, பொருள் மீதி

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேற்றுமையைப் பற்றியவை. குரூப் 4 எழுதுகிறவர்களும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களும் கேட்டிருக்கிறார்கள்.

'வீட்டில்' எத்தனையாம் வேற்றுமை? உடனே சொல்லவும்.

உடனே சொல்ல முடியாது. வாக்கியம் எங்கே? வேற்றுமை என்பது பெயருக்கும் அதை அடுத்து முடிக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு. முடிக்கும் சொல் இல்லாமல் வேற்றுமை கேட்டு எழுதாதீர்கள்.

'மழை பெய்தால் குடை பிடிப்பேன்.' இதில் 'ஆல்' மூன்றாம் வேற்றுமைதானே?

இல்லை. 'பெய்தால்' வினையெச்சம். உருபு பெயரோடுதான் சேரும்.

'எனக்குத் தம்பி' என்பதை 'என்னுடைய தம்பி' என்று மாற்றலாமே. அப்படியானால் ஆறாம் வேற்றுமைதானே?

மாற்றிய வாக்கியத்துக்கு ஆறாம் வேற்றுமை. தேர்வில் வந்த வாக்கியத்தில் 'கு' இருக்கிறது, அதனால் நான்காம் வேற்றுமை, முறைப்பொருள். வினாத்தாளைத் திருத்தி எழுதிவிட்டு விடை தேடாதீர்கள்.

பயிற்சி மையத்தில் கொடுத்த அட்டவணையில் 'இல், இருந்து – ஐந்தாம் வேற்றுமை' என்று இருக்கிறது. மனப்பாடம் செய்தால் போதுமா?

இந்த அட்டவணையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை பேரின் மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறதோ! நன்னூலின்படி 'இல்' ஐந்தாம் வேற்றுமைக்கும் உருபு, ஏழாம் வேற்றுமைக்கும் உருபு. ஏழாவதற்கு முப்பதுக்குச் சற்றுக் குறைவாக உருபுகள் உண்டு. 'கண்' என்று தொடங்கும் அந்த வரிசையின் கடைசியில் 'இல்' உட்கார்ந்திருக்கிறது. ஆக, 'இல்' என்று கண்டதும் ஐந்து, ஏழு என்று இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். யாரை உள்ளே விடுவது என்பதை முடிக்கும் சொல்தான் தீர்மானிக்கும்.

இந்த இரண்டையும் பாருங்கள்: 'குயில் மரத்தில் இருந்து பாடியது', 'குயில் மரத்திலிருந்து பறந்தது'. முதல் வாக்கியத்தில் 'இருந்து' என்றால் அமர்ந்து என்று பொருள், அது வினையெச்சம். குயில் எங்கே அமர்ந்தது? மரத்தில். இடப்பொருள், ஏழாம் வேற்றுமை. இரண்டாவதில் குயில் மரத்தை விட்டு நீங்குகிறது. அங்கே 'இருந்து' சொல்லுருபு, நீங்கல் பொருள், ஐந்தாம் வேற்றுமை. அட்டவணைக்காரர் இரண்டுக்கும் ஐந்து என்று போட்டுவிட்டு வருவார்.

அடுத்து 'கல்வியில் பெரியர் கம்பர்'. பாதிப் பேர் ஏழு என்பார்கள். 'எங்கே பெரியவர்?' என்று கேட்டால் வாக்கியம் முழிக்கிறது. 'எதனால் பெரியவர்?' என்றால் விடை வருகிறது. ஆகவே ஏதுப்பொருள், ஐந்தாம் வேற்றுமை. 'எதனால்' என்று கேட்டதால் மூன்றாம் வேற்றுமை என்று ஓடிவிடாதீர்கள். 'இல்' மூன்றாவதற்கு உருபே அல்ல. உருபு ஆட்களைக் குறைக்கும், பொருள் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இந்த வரிசையிலேயே போங்கள்.

'இன்' வந்தால் ஐந்தாம் வேற்றுமை, சரியா?

மறுபடியும் அட்டவணை! 'பாலின் நிறம்' என்பதில் 'பாலினுடைய நிறம்' என்று விரிக்க முடிகிறது. அங்கே பொருள் ஆறாம் வேற்றுமை, பள்ளி இலக்கணப்படி 'இன்' வெறும் சாரியை. 'பாலின் வெளிது கொக்கு' என்பதில் 'உடைய' ஒட்டாது. பாலைப் போல வெண்மையானது என்ற ஒப்புப் பொருள், ஐந்தாம் வேற்றுமை. 'தலையின் இழிந்த மயிரனையர்' என்ற குறளிலும் 'உடைய' ஒட்டாது. முடிக்கும் சொல் 'இழிந்த'. எதிலிருந்து இழிந்தது? தலையிலிருந்து. நீங்கல், ஐந்தாம் வேற்றுமை.

முதல் வேற்றுமைக்கும் எட்டாம் வேற்றுமைக்கும் உருபு என்ன?

இரண்டுக்கும் இல்லை. 'கண்ணன் வந்தான்' எழுவாய், 'கண்ணா வா' விளி. 'தம்பி வா' என்பதில் பெயர் மாறவே இல்லையே என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், அதுவும் விளிதான்.

'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது.' இதைக் கருவிப் பொருள் என்று எழுதினேன், தவறு என்று வந்தது.

தவறுதான். கரிகாலன் என்ன மண்வெட்டியா? அவன் கருத்தா. அவன் கையால் கட்டவில்லை, ஆள் வைத்துக் கட்டுவித்தான் என்பதால் ஏவுதற் கருத்தா. 'சிற்பியால் சிலை செதுக்கப்பட்டது' என்றால் இயற்றுதற் கருத்தா. 'உளியால் செதுக்கினான்' என்றால்தான் கருவி. மூன்றுமே மூன்றாம் வேற்றுமை, அதனால் 'எந்த வேற்றுமை' என்று மட்டும் கேட்டிருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

'மதுரை சென்றார்': உருபே காணோம்.

மறைந்திருக்கிறது. 'மதுரைக்குச் சென்றார்' என்று விரியும், நான்காம் வேற்றுமைத்தொகை. இங்கும் முடிக்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். அதே மதுரை 'மதுரை கண்டார்' என்று வந்தால் 'மதுரையைக் கண்டார்', இரண்டாம் வேற்றுமைத்தொகை.