பவுன்ஸ் ரேட்டைச் சராசரி எடுக்கலாமா?

"மும்பையிலிருந்து ஆன்லைனில் இட்லிப் பொடி விற்கிறேன். டிராஃபிக் ஷீட்டை இறக்கினால் இன்ஸ்டாகிராமே இரண்டு வரியில் வருகிறது. பவுன்ஸ் ரேட்டை எப்படிச் சேர்ப்பது?"

மாட்டுங்கா மார்க்கெட்டில் கடை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நடந்துவிடுகிறவர் இருப்பார் இல்லையா? நூறு வருகையில் அப்படி எத்தனை என்பதுதான் பவுன்ஸ் ரேட். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கணக்கில், 10 விநாடிகூட நிற்காமல், ஒரே பக்கத்தோடு, ஆர்டர் போன்ற முக்கியச் செயல் எதுவும் இல்லாமல் முடிந்த வருகை அது.

ஷீட்டில் `l.instagram.com` தானாகப் பதிவாவது. `ig` என்பது லிங்கின் கடைசியில் ஒட்டியிருக்கும் `utm_source` என்ற அடையாளத்திலிருந்து வருவது. ஆள் வந்த இடம் ஒன்றுதான், அதனால் முதலில் இரண்டுக்கும் ஒரே பெயர் வையுங்கள். வருகையையும் ஆர்டரையும் தாராளமாகக் கூட்டலாம். விகிதத்தை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது.

உதாரணமாக, முதல் வரியில் 600 வருகை, 80%. அடுத்ததில் 200 வருகை, 60%. நேராகச் சராசரி எடுத்தால் 70% வரும், அது தப்பு. பெரிய வரிக்குக் கனம் அதிகம். திரும்பிப் போனவை 480, அப்புறம் 120. ஆக 800-இல் 600, அதாவது 75%. B-யில் வருகை, C-யில் விகிதம் இருந்தால்:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
```

சரி, இந்த 800 வருகைக்கு 4 ஆர்டர், கூகுள் தேடலின் 200 வருகைக்கு 8 ஆர்டர் என்றால், நான் முதலில் கவனிப்பது கூகுளைத்தான்.

பவுன்ஸ் ஆனவர் எல்லாம் வாங்காதவர் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் நம்பரைப் பார்த்ததுமே வாட்ஸ்அப்பில் பொடி கேட்டவரும் அந்தக் கணக்கில் விழலாம், அவர் ஆர்டர் இந்த ஷீட்டில் வராது.