ஜாமீன் போட்ட பிறகு வங்கி என்ன செய்தது?

"ஐயா, நான் அரசுப் பள்ளி ஆசிரியர். 2019-இல் என் நண்பர் மாவு மில்லுக்காக வங்கியில் 6 லட்சம் கடன் வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவருடைய ஒன்றரை லட்ச ரூபாய் டெபாசிட்டும் ஒரு சரக்கு வேனும் கடனுக்கு ஈடாக இருந்தன. 2022-இல் அவருக்கு இன்னும் 3 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு அந்த டெபாசிட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அவர் ஊரிலேயே இல்லை. 7 லட்சத்து 20 ஆயிரம் கட்டச் சொல்லி எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. முதலில் அவரைத்தானே பிடிக்க வேண்டும்? என் சம்பளத்தில் கை வைப்பார்களா?"
— ஒரு வாசகர், காரைக்குடி

முதல் கேள்விக்கு நீங்கள் விரும்பும் பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-வது பிரிவுப்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. தவணை நின்ற அன்றே வங்கி நேராக உங்களிடம் வரலாம். பீகார் வங்கி ஒன்றின் வழக்கில், கடனாளியிடம் எல்லா வழியும் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் நிபந்தனை போட்டிருந்தது. 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கடனாளி கட்டாதபோது உடனே கைகொடுக்கத்தான் ஜாமீன், அதையும் காத்திருக்கச் சொன்னால் ஜாமீனே எதற்கு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால் பதில் நோட்டீசில் "முதலில் அவரைப் பிடியுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். நண்பர் ஊரை விட்டுப் போனதும், வங்கி இத்தனை நாள் அவர்மேல் வழக்குப் போடாமல் இருந்ததும் உங்களை விடுவிக்காது. சும்மா இருந்ததால் மட்டும் ஜாமீன் போகாது என்று 137-வது பிரிவே சொல்கிறது.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு, உங்களைக் கேட்காமல் வங்கி என்னென்ன செய்தது என்ற கேள்வி வேறு. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டையும் காகிதத்தில் பிடிக்க வேண்டும்.

முதலில் 2022-இல் கொடுத்த 3 லட்சம். வங்கியிடம் எழுத்து மூலம் மூன்று காகிதங்கள் கேளுங்கள்: நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகல், இரண்டு கடன்களின் அனுமதிக் கடிதங்கள், 2019 முதல் இன்றுவரை கடன் கணக்கு ஸ்டேட்மென்ட். ஸ்டேட்மென்ட் வந்ததும் 2022-இல் அந்தப் புதுப் பணம் இறங்கிய தேதிக்கு நேராகப் போங்கள். இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

பழைய கணக்கு அப்படியே ஓட, 3 லட்சத்துக்குத் தனிக் கணக்குத் திறந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் பத்திரம் 6 லட்சக் கடனுக்கு மட்டும் என்று இருந்தால், இரண்டாவது கடனில் ஒரு பைசாவும் உங்கள் பொறுப்பில் வராது. இன்னொரு வகை, அந்தத் தேதியில் பழைய கணக்கில் பாக்கி முழுவதும் ஒரே வரவாக வந்து, கணக்கு பூஜ்யமாகி மூடப்பட்டிருக்கும். அதே நாளில் 8 அல்லது 9 லட்சத்துக்குப் புதுக் கடன் தொடங்கியிருக்கும். வங்கிகள் இதை வசதிக்காக அடிக்கடி செய்கின்றன. நான் ஜாமீன் நின்ற கடன் அன்றோடு அடைபட்டுவிட்டது, புதுக் கடனில் என் கையெழுத்து இல்லை என்று நீங்கள் வாதாட அது வலுவான இடம். ஸ்டேட்மென்டின் அந்த ஒரு வரி முழுத் தொகையிலிருந்தும் உங்களை வெளியே கொண்டுவரலாம்.

இரண்டுக்கும் ஒரு தடை இருக்கிறது. "இப்போதும் இனிமேலும் இவர் வாங்கும் எல்லாக் கடன்களுக்கும்" என்று பத்திரத்தில் இருந்தால் அது தொடர் ஜாமீன். அதிலும் உச்ச வரம்பு எவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருக்கும். 6 லட்சம் என்று இருந்தால், அசலும் அதன் வட்டியும் என்ற அளவைத் தாண்டி உங்களைக் கேட்பது கடினம். பத்திரத்தில் தொகைக்கான இடம் காலியாக இருந்தபோது கையெழுத்துப் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். "காலியாக இருந்தது" என்று நீதிமன்றத்தில் சொன்னால் மட்டும் போதாது. அன்றைய அனுமதிக் கடிதத்தில் இருக்கும் தொகையோடு பத்திரத்தை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதனால்தான் அந்தக் கடிதத்தையும் கேட்கச் சொன்னேன்.

அடுத்தது டெபாசிட். உங்களுக்கு நடந்ததில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். 141-வது பிரிவின்படி, நீங்கள் ஜாமீன் போட்டபோது கடனுக்கு ஈடாக இருந்த பொருளின் பலன் உங்களுக்கும் சேரும். அது இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. வங்கி உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தொலைத்தாலோ கைவிட்டாலோ, அதன் மதிப்பு அளவுக்கு நீங்கள் விடுபடுகிறீர்கள். 1968-இல் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி வழக்கில் இதே கேள்வி வந்தது. வங்கியின் பொறுப்பில் அடகு இருந்த சரக்கில் 35,690 ரூபாய்க்குக் குறைவு ஏற்பட்டிருந்தது. அந்த அளவுக்கு ஜாமீன்தாரருக்குப் பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரக்கு எப்படிக் குறைந்தது என்று அங்கே பேச வேண்டியிருந்தது. உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வங்கியே டெபாசிட்டின் மேலிருந்த பிடியை எடுத்து, நண்பர் கையில் பணத்தைக் கொடுத்திருக்கிறது. "கொடுத்தார்களாம்" என்று கேள்விப்பட்டது மட்டும் போதாது. எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று வங்கியிடமே எழுதிக் கேளுங்கள்.

உங்கள் நோட்டீஸ் தொகையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய கடனில் பாக்கி 4 லட்சத்து 10 ஆயிரம், புதுக் கடனில் 3 லட்சத்து 10 ஆயிரம், இரண்டும் தனிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் முதல் கடனுக்கு மட்டும் என்றால் 3,10,000 கழிகிறது. டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று வட்டியோடு அது 1,90,000 என்றால் அதுவும் கழிகிறது. மீதி 2,20,000. நோட்டீசில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. உங்கள் காகிதங்களில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கழிக்கும் முறை இதுதான்.

இங்கே ஒரு கெட்ட செய்தியையும் சொல்லியாக வேண்டும். அச்சடித்த ஜாமீன் பத்திரங்களில் நடுப்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். "வங்கி எந்த ஈட்டை விடுவித்தாலும், கடனாளிக்கு அவகாசம் கொடுத்தாலும், நிபந்தனையை மாற்றினாலும் என் பொறுப்பு குறையாது; 133, 134, 135, 139, 141 பிரிவுகளின் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற பொருளில் இருக்கும். தெரிந்து கையெழுத்திட்ட இத்தகைய பத்திகளை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன, உச்ச நீதிமன்றம் உட்பட. உங்கள் பத்திரத்தில் அந்தப் பத்தி இருந்தால் டெபாசிட் வாதம் பலவீனமாகும். ஆனால் அந்தப் பத்தியின் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவகாசம் கொடுப்பதை மட்டும் சொல்லி, ஈட்டைத் திருப்பிக் கொடுப்பதைச் சொல்லாத பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லாததை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக வங்கி சேர்த்துப் படிக்க முடியாது. ஒரு அம்மாவின் வழக்கில் அந்த ஒரு சொல் இல்லாததை வைத்தே வங்கி வக்கீல் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார். அதனால் பத்திரம் கைக்கு வரும் வரை எந்தப் பேச்சுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. இந்த வாரங்களில் வங்கியிலிருந்து யாராவது வந்து, "சும்மா ரெக்கார்டுக்கு" என்று கடன் பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை நீட்டலாம். காலாவதிக்கு முன்னால் அதில் கையெழுத்துப் போட்டால் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். முழு 7,20,000-ஐயும் ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும். அதேபோல, வங்கி நண்பரோடு தனியாகக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொண்டாலோ, கட்டாயமாக அவகாசம் கொடுத்து ஒப்பந்தம் போட்டாலோ, 135-வது பிரிவுப்படி உங்களுக்கு விடுதலை கேட்கும் வாய்ப்பு உண்டு. அப்படி ஏதாவது நடந்ததா என்றும் உங்கள் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சம்பளம் பற்றி. வங்கி உங்கள் தலைமையாசிரியருக்கோ கருவூலத்துக்கோ கடிதம் எழுதிச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நீங்களே முன்பு ஒப்புதல் கடிதம் கொடுத்திருந்தால் ஒழிய. அதையும் பார்த்துவிடுங்கள். மற்றபடி வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதன்பிறகுதான் சம்பளப் பறிமுதல் கேட்க முடியும். அப்போதும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு உங்களைக் காக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. கணக்கில் வரும் சம்பளம் 61,000 என்றால் மாதம் 20,000-க்கு மேல் பிடிக்க முடியாது. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. பஞ்சப்படி போன்ற விலக்குப் பெற்ற படிகளைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. ஓய்வூதியத்தை இந்த மாதிரிக் கடனுக்காகப் பறிமுதல் செய்யவே முடியாது.

நோட்டீசுக்குச் சொன்ன கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். "இரண்டாவது கடனுக்கு நான் ஜாமீன் இல்லை. டெபாசிட்டை என் சம்மதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்ததால் அந்த அளவுக்கு என் பொறுப்பு போய்விட்டது. கேட்ட காகிதங்கள் வந்ததும் முழுப் பதில் தருகிறேன்." அது போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

அப்புறம் அந்த வேன். அது இன்னும் கடனுக்கு ஈடாகத்தான் இருக்கிறது. நீங்கள் மீதியைக் கட்டினால், 140-வது பிரிவுப்படி வங்கிக்கு அதன்மேல் இருந்த உரிமை உங்களுக்கு வரும். கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் நண்பர்மேல் பணத்துக்கு வழக்குப் போடவும் முடியும். ஆனால் வேன் அதுவரை இருக்க வேண்டுமே! மில்லில் வேலை பார்த்த ஆளிடம் விசாரித்தால் வண்டி யார் கையில், எந்த ஊரில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். வண்டி எண்ணையும் நிற்கும் இடத்தையும் எழுதி, உடனே கைப்பற்றுங்கள் என்று வங்கி மேலாளருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் கொடுத்தும் வங்கி அசையாமல் இருந்து வண்டி கைமாறிப் போனால், அந்த முத்திரை விழுந்த நகல் 139-வது பிரிவின் கீழ் உங்கள் அடுத்த வாதத்துக்கு உதவும்.